மெயில் பெட்டி நிரம்பினால் எதை முதலில் காலி செய்வது?

சிவகாசியில் காலண்டர் அச்சிடும் எனக்குத் தெரிந்த சிறு அச்சகம் ஒன்றுக்கு, ஆடி முடிந்த கையோடு மதுரையிலிருந்து ஒரு போன் வந்தது. “அண்ணாச்சி, டிசைன் அனுப்பி மூணு நாளாச்சு. இன்னிக்கு அது எனக்கே திரும்பி வந்திருச்சே!” அச்சகக்காரர் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தார். அந்த மெயில் மட்டுமல்ல, மூன்று நாளாக எந்த மெயிலுமே வரவில்லை. ஆர்டர் மந்தம் என்று அவர் நினைத்திருந்த நாட்கள் அவை.

அச்சகத்தின் பெயரில் சொந்த டொமைன் வாங்கி, அதில் ஆர்டர்களுக்கென்று ஒரு மெயில் பெட்டி வைத்திருந்தார். அதற்கு ஒதுக்கிய இடம் 2 ஜிபி, அதாவது 2048 எம்பி. அது முழுக்க நிரம்பிவிட்டது. பெட்டி நிரம்பிய செய்தி முதலில் போய்ச் சேர்வது அனுப்பியவருக்குத்தான். வர வேண்டியது வராமல் நின்றால், நம் பக்கம் வெறும் அமைதியாகத்தான் தெரியும்.

ஆனாலும் ஓர் அடையாளம் உண்டு. பெட்டி நிரம்பிய பிறகும் பெரும்பாலும் நம்மால் மெயில் அனுப்ப முடியும். அனுப்பியதன் நகலைச் சேமிக்கத்தான் இடம் இருக்காது. அதனால் ‘மெயில் போய்விட்டது, நகலைச் சேமிக்க முடியவில்லை’ என்ற பொருளில் திரையில் ஓர் எச்சரிக்கை வரும். அச்சகத்தில் வேலை செய்யும் பையன் அதைப் பார்த்திருக்கிறான். மெயில் போகவில்லை என்று நினைத்து, ஒரே விலைப்பட்டியலை இரண்டு முறை அனுப்பியும் இருக்கிறான்.

அனுப்பியவருக்குத் திரும்பி வரும் கடிதத்தில் `4.2.2` அல்லது `5.2.2` என்ற எண் இருந்தால், பெட்டி நிறைந்துவிட்டது என்று பொருள். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. 4-இல் தொடங்கினால் ‘இப்போது இடமில்லை, பிறகு வா’ என்ற பதில். அனுப்பியவரின் சர்வர் அந்த மெயிலை வரிசையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். நான்கைந்து நாட்களாவது முயல வேண்டும் என்பது 2008-இல் வந்த மின்னஞ்சல் நெறிமுறையின் பரிந்துரை. சில சர்வர்கள் அதற்கு முன்பே கைவிட்டுவிடும். 5-இல் தொடங்கினால் அப்போதே மறுத்தாகிவிட்டது, மறுபடி முயற்சி கிடையாது. ஆகவே சீக்கிரம் இடம் கொடுத்தால் வரிசையில் காத்திருப்பவை தாமாக வந்து சேரும். மறுக்கப்பட்டவற்றை அனுப்பியவர்தான் திரும்ப அனுப்ப வேண்டும்.

அதனால் சொந்த டொமைன் வைத்திருப்பவர் முதலில் செய்ய வேண்டியது, இடத்தைத் தற்காலிகமாகக் கொஞ்சம் கூட்டுவது. அச்சகக்காரரின் ஹோஸ்டிங்கில் இருந்தது சிபேனல். அதில் `Email Accounts` பகுதிக்குப் போய், அந்தப் பெட்டிக்கு நேரே `Manage` அழுத்தி, ஒதுக்கீட்டை 2048-இலிருந்து 2500 ஆக்கினோம். கதவு திறந்துவிட்டது. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்: வாங்கிய ஹோஸ்டிங் இடம் மொத்தமுமே தீர்ந்திருந்தால், ஒரு பெட்டியின் ஒதுக்கீட்டை மட்டும் கூட்டிப் பயனில்லை. பெரும்பாலான சிறு ஹோஸ்டிங் திட்டங்களில் இணையதளத்தின் படங்களும் எல்லா மெயில் பெட்டிகளும் ஒரே இடத்தைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன.

அடுத்து, எது அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்தோம். இன்பாக்ஸில் 618 எம்பி. அனுப்பியவை கிடக்கும் `Sent`-இல் 930. அழித்தவை போகும் `Trash`-இல் 410. குப்பை மெயில் ஒதுங்கும் `Junk`-இல் 90. இன்பாக்ஸை மட்டுமே பார்த்துவந்த அச்சகக்காரருக்கு, இடத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேறெங்கோ போயிருந்தது தெரியவே இல்லை.

இது எப்படி நடக்கிறது? மெயிலில் இணைக்கும் கோப்பு அப்படியே போவதில்லை. அது எழுத்துகளாக மாற்றப்பட்டுப் பயணம் செய்கிறது. அந்த மாற்றத்தில் அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 15 எம்பி டிசைனை அனுப்பினால் `Sent`-இல் 20 எம்பி போய்விடும். வாடிக்கையாளர் திருத்தம் சொல்ல, மறுபடி முழு டிசைனையும் இணைத்து அனுப்ப, ஒரே காலண்டர் அட்டை நாலைந்து நகலாகப் பெட்டிக்குள் உட்கார்ந்துவிடுகிறது.

காலி செய்வதை `Trash`-இலிருந்துதான் தொடங்க வேண்டும். காரணம், ‘டெலிட்’ அழுத்தினால் மெயில் உடனே அழிவதில்லை. குப்பைத் தொட்டிக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். அங்கே கிடக்கும்வரை ஒதுக்கீட்டில் அதன் கணக்கும் இருக்கும். பெட்டி முழுதும் நிறைந்த நிலையில் அந்த இடமாற்றத்துக்கே இடமில்லாமல், அழிக்கவும் முடியவில்லை என்று பிழைச் செய்தி வருவதுண்டு. `Trash` கோப்புறையைத் திறந்து அதிலேயே காலி செய்யும் கட்டளையைக் கொடுத்தோம். `Junk`-இல் நல்ல மெயில் ஏதும் சிக்கியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு அதையும் காலி செய்தோம். ஒரு மெயிலைக்கூடத் திறந்து படிக்காமல் 500 எம்பி கிடைத்தது.

பிறகு `Sent`. இங்கே தேதி வாரியாக உட்கார்ந்து அழிப்பது வீண் உழைப்பு. அளவு வாரியாக வரிசைப்படுத்தினால், மேலே வந்து நிற்கும் சிலவே பெரும்பகுதியைப் பிடித்திருப்பது தெரியும். இவருக்கு முதல் 40 மெயில்களே 700 எம்பி. ஆயிரக்கணக்கான இரண்டு வரிக் கடிதங்களைத் தொடவே வேண்டியதில்லை.

ஆனால் அந்த நாற்பதும் தொழில் ஆவணங்கள். முதலில் பத்திரப்படுத்த வேண்டும். கம்ப்யூட்டரில் தெரிவதாலேயே அது கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. ஐமேப் முறையில் போனிலும் கம்ப்யூட்டரிலும் தெரிவது சர்வரின் பிரதிபலிப்பு. ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் போய்விடும். எனவே தண்டர்பேர்ட் மென்பொருளில் `Local Folders` என்ற பகுதிக்குள் ஒரு கோப்புறை தொடங்கி, நாற்பதையும் அதில் நகலெடுத்தோம். இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு நாலைந்து மெயில்களின் டிசைனைத் திறந்து பார்த்தோம். திறந்தது. அந்தக் கோப்புறையை வெளி ஹார்ட் டிஸ்கிலும் ஒரு பிரதி எடுத்த பிறகே சர்வரில் அழித்தோம். கடைசியாக `Trash`-ஐ மறுபடி காலி செய்தோம். இந்தக் கடைசிப் படியை விட்டால் 700 எம்பியும் அங்கேயே கிடந்திருக்கும்.

இப்போது பெட்டியில் 848 எம்பி. அழித்த பிறகும் சிபேனலில் பழைய எண்ணே நின்றால், சர்வர் வைத்திருக்கும் கணக்கு பிசகியிருக்கலாம். ஒதுக்கீட்டை மறுபடி எண்ணச் சொல்லி ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேட்டால் சரி செய்துவிடுவார்கள். வெளியிலிருக்கும் இன்னொரு முகவரியிலிருந்து பெரிய கோப்போடு ஒரு மெயில் அனுப்பி, வந்து சேர்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இடையில், ‘உங்கள் பெட்டி நிறைந்துவிட்டது, இங்கே அழுத்திப் பாஸ்வேர்டு கொடுங்கள்’ என்று ஒரு மெயில் வந்தால் தொடாதீர்கள். பாஸ்வேர்டு திருடுவோர் அதிகம் பயன்படுத்தும் தூண்டில் அது. உண்மையான அளவை ஹோஸ்டிங் பக்கத்தில் நாமே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அன்று மாலைக்குள் வரிசையில் காத்திருந்த மெயில்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. மதுரைக்காரரின் டிசைன் அதில் இல்லை. அவரது சர்வர் கைவிட்டிருந்தது. அச்சகக்காரர் போனை எடுத்து, வழக்கமாக ஆர்டர் தரும் எல்லோரையும் அழைத்து ஒரே கேள்வியைக் கேட்டார்: “இந்த மூணு நாள்ல எனக்கு ஏதாச்சும் அனுப்புனீங்களா?”