1033: நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால்

சுங்கச்சாவடியைக் கடக்கும்போது நாம் கட்டும் பணம் சாலைக்கு மட்டும் போவதில்லை. இந்தியத் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் சுங்கச் சாலைகளில் ஆம்புலன்ஸ், ரோந்து வாகனம், கிரேன் என்ற மூன்று வண்டிகளை இரவும் பகலும் தயாராக வைத்திருக்க வேண்டியது சாலையைப் பராமரிக்கும் நிறுவனத்தின் பொறுப்பு. மூன்றையும் அழைக்க ஒரே எண்தான்: 1033. அழைப்புக்குக் கட்டணம் கிடையாது. அப்படியிருந்தும், நடுவழியில் வண்டி நின்றால் பலரும் முதலில் அழைப்பது ஊரிலிருக்கும் மெக்கானிக்கையோ மைத்துனரையோதான்.

1033-இல் நாம் பேசுவது ஒரு மைய அழைப்பு நிலையத்துடன். அங்கிருப்பவர் விவரங்களைக் கேட்டுப் பதிந்துகொண்டு, அந்தப் பகுதியைக் கவனிக்கும் சுங்கச்சாவடிக் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவிப்பார். வண்டியை அனுப்புவது அந்த அறைதான். நாம் இருக்கும் இடத்தைத் தவறாகச் சொன்னால் தகவல் வேறு சாவடிக்குப் போய்விடும். உதவி தாமதமாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் ஒரு குடும்பத்தின் கார், விழுப்புரம் தாண்டி உளுந்தூர்பேட்டை வருவதற்குள் இரவு பத்து மணிக்கு டயர் வெடித்து நிற்கிறது. ஸ்டெப்னியிலும் காற்றில்லை.

ஓட்டுநர் முதலில் செய்ய வேண்டியது, வண்டி உருளும் வரை உருட்டிச் சாலையின் இடது ஓரத்துக்குக் கொண்டுபோவது. ரிம் கெட்டாலும் பரவாயில்லை. அடுத்து நான்கு இண்டிகேட்டர்களும் ஒன்றாக மினுக்கும் ஹசார்ட் லைட்டைப் போட வேண்டும். எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, ஓரத்து இரும்புத் தடுப்புக்கு அப்பால் போய்விட வேண்டும். காருக்குள்ளும் காருக்கு முன்னாலும் யாரும் இருக்கக் கூடாது. பின்னால் வரும் லாரி மோதினால் கார் முன்னோக்கித்தான் தள்ளப்படும்.

பிறகு, காரோடு வந்த சிவப்பு எச்சரிக்கை முக்கோணம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. முக்கோணத்தைப் பத்தடி தள்ளி வைத்தால் பின்னால் வருபவருக்கு இமைக்கவும் நேரம் இராது. நூறு மீட்டர் தள்ளி வைத்தால் நான்கு நொடி கூடுதலாகக் கிடைக்கும். பாதை மாற அது போதும். சாலையில் நடக்காமல் மண் ஓரமாகவே போய் வைத்துவிட்டு வர வேண்டும்.

இவ்வளவும் முடிந்தபின் 1033. அழைப்பில் சொல்ல வேண்டியது இதுதான்: “சென்னை - திருச்சி நெடுஞ்சாலை. திருச்சி நோக்கிப் போகும் பக்கம். கடைசியாகத் தாண்டிய சுங்கச்சாவடி விக்கிரவாண்டி. பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் 172 என்று இருக்கிறது. கார் டயர் வெடித்துவிட்டது, நகராது. யாருக்கும் அடியில்லை.”

இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்கிறது. நடுவில் தடுப்பு உள்ள சாலையில் எந்தப் பக்கம் என்று சொல்லாவிட்டால், ரோந்து வண்டி எதிர்ப்பக்கம் வந்து நம்மைப் பார்த்தபடியே கடந்துபோய், அடுத்த திருப்பத்தில் சுற்றி வர வேண்டியிருக்கும். சாலைக்கு எண் சொல்வதைவிட ஊர்ப்பெயர்களைச் சொல்வது நல்லது. 2010-இல் தேசிய நெடுஞ்சாலைகளின் எண்கள் மாற்றப்பட்டபின் பழைய எண்ணும் புதிய எண்ணும் பேச்சில் கலந்தே வருகின்றன.

எல்லாவற்றையும்விடத் துல்லியமானது கிலோமீட்டர் கல். தேசிய நெடுஞ்சாலைக் கல்லின் தலை மஞ்சள் நிறத்தில் இருக்கும். மாநில நெடுஞ்சாலைக்குப் பச்சை. இரண்டு கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒன்றாகச் சிறு கற்களும் நட்டிருப்பார்கள். கல் கண்ணில் படாவிட்டால் கைபேசி வரைபடத்தில் நாம் நிற்கும் புள்ளியைப் பார்த்து, அருகிலுள்ள ஊர், மேம்பாலம், பெட்ரோல் பங்க் பெயரைச் சொல்லலாம்.

பேசி முடிக்கும் முன் புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அரை மணி நேரத்தில் யாரும் வராவிட்டால் அந்த எண்ணைச் சொல்லி மறுபடி அழைத்தால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. சாலையோரப் பலகைகளில் அந்தப் பகுதியின் ஆம்புலன்ஸ், கிரேன், ரோந்து வாகன எண்கள் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும். கண்ணில் பட்டால் உடன் வருபவர் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

முதலில் வருவது பெரும்பாலும் ரோந்து வாகனம். அதிலிருப்பவர்கள் கூம்புகளை வரிசையாக வைத்துப் போக்குவரத்தைத் திருப்பிவிட்டு, நம் வண்டிக்குக் காவல் தருவார்கள். சாலையில் விழுந்த சரக்கையும் அடிபட்டுக் கிடக்கும் மாட்டையும் அப்புறப்படுத்துவதும் அவர்கள் வேலைதான். கிரேன் வண்டியைப் பாதையிலிருந்து எடுத்து, பக்கத்திலுள்ள பாதுகாப்பான இடத்தில் விடும். இது இலவசம். அங்கிருந்து நம் ஊருக்கோ நமக்குத் தெரிந்த ஒர்க்‌ஷாப்புக்கோ கொண்டுபோவதற்கு நாம்தான் ஏற்பாடு செய்து பணம் தர வேண்டும். பழுது நீக்குவது இந்தச் சேவையின் கடமை அல்ல. சாலையைத் தடையின்றியும் மனிதர்களைப் பாதுகாப்பாகவும் வைப்பதே அதன் நோக்கம். நாம் அழைக்காமலே ஒரு தனியார் கிரேன் வந்து நின்றால், கொக்கி மாட்டும் முன் 1033 அனுப்பியதா என்று கேளுங்கள்; இல்லையென்றால் கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள்.

விபத்தென்றால் வரிசை மாறும். அடிபட்டவர் இருந்தால் முதல் அழைப்பு 108-க்கு, அடுத்தது 1033-க்கு. காவல்துறையும் தீயணைப்பும் சேர்ந்து தேவைப்பட்டால் 112. இடத்துடன் சேர்த்து மூன்று விவரங்களைச் சொல்லுங்கள்: எத்தனை பேருக்கு அடி, யாராவது வண்டிக்குள் சிக்கியிருக்கிறார்களா, தீயோ கசிவோ தெரிகிறதா. சிக்கியவர் இருப்பதை முதலிலேயே சொன்னால்தான் அதற்கான கருவிகளோடு வருவார்கள். கவிழ்ந்தது டேங்கர் என்றால் கிட்டே போகாமல், காற்று வரும் திசைப் பக்கமாக விலகி நின்று பேசுங்கள்.

தகவல் சொன்னால் வழக்கில் மாட்டிக்கொள்வோமோ என்று இன்றும் பலர் தயங்கிக் கடந்துபோகிறார்கள். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134-ஏ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவுபவர்மீது சிவில், கிரிமினல் வழக்கு எதுவும் தொடர முடியாது என்கிறது. விரும்பாவிட்டால் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. செலவுக்கு அஞ்சவும் வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அடிபட்டவர் பணம் கட்ட வேண்டியதில்லை. வெளிமாநிலத்தவருக்கும் இது பொருந்தும். விபத்தில் சிக்கிய வண்டியின் ஓட்டுநருக்கோ சட்டக் கடமை உண்டு: அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்ய வேண்டும்; காவலர் யாரும் அங்கே இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும்.

ஓர் எல்லையை மறக்க வேண்டாம். 1033 தேசிய நெடுஞ்சாலைகளுக்கானது. மாநில நெடுஞ்சாலையிலும் ஊர்ச் சாலையிலும் 108-உம் 112-உம்தான் கைகொடுக்கும். மஞ்சளா பச்சையா என்று கல்லைப் பார்த்தாலே எந்த எண் என்பது தெரிந்துவிடும். அடுத்த பயணம் கிளம்பும் முன் இந்த மூன்று எண்களையும் வீட்டிலுள்ள எல்லோருடைய கைபேசியிலும் பதிந்து வையுங்கள். அடிபட்டவர் ஓட்டுநராகவே இருந்தால், பேச வேண்டியவர் பின் இருக்கையில் இருப்பவர்தான்.