ஒரே துண்டுக் காணி, இரண்டு வழக்குகள்

பதுளை நகரிலிருந்து சற்று மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் எல்லையை ஒட்டி உம்மாவின் பிறந்த வீடு இருக்கிறது. வீட்டுக்கும் பக்கத்துக் காணிக்கும் நடுவே நான்கு பேர்ச்சஸ் அளவில் ஒரு நீளத் துண்டு. அதில் இரண்டு மிளகுக் கொடியும் ஒரு பலா மரமும்தான் உண்டு. அந்தத் துண்டுக்காக எங்கள் அப்பா (உம்மாவின் வாப்பாவை நாங்கள் அப்பா என்றே அழைப்போம்) நீதிமன்றப் படியேறியது நான் கைக்குழந்தையாக இருந்த காலத்தில். பக்கத்துக் காணிக்காரர் தம் உறுதியைக் காட்டி, துண்டு தம்முடையது என்று மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு வைத்தார். சாட்சி விசாரணை முடிந்து, அவருடைய உறுதி அந்தத் துண்டை உள்ளடக்கவில்லை என்று வழக்குத் தள்ளுபடியானது. அவர் மேன்முறையீடு செய்யவில்லை.

எட்டு வருடங்களுக்குப் பிறகு அவரும் அப்பாவும் மௌத்தாகிவிட்ட நிலையில், அவருடைய மகன் அதே துண்டுக்காக உம்மம்மாவின் பெயருக்கு அழைப்பாணை அனுப்பினார். "முடிஞ்ச வழக்குத்தானே, எப்படித் திரும்ப வரும்?" என்று உம்மம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கேள்விக்குச் சட்டம் வைத்திருக்கும் பதிலைத் தேடித்தான் நான் படிக்கத் தொடங்கினேன்.

லத்தீனில் 'ரெஸ் ஜுடிகாட்டா' என்பார்கள். தீர்க்கப்பட்ட விடயம் என்பது அதன் பொருள். தமிழில் முன்தீர்ப்புத் தடை எனலாம். நம் நாட்டில் இது 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 207ஆம் பிரிவில் இருக்கிறது. மேன்முறையீட்டுக்கு உட்பட்டு, நீதிமன்றத்தின் தீர்ப்பாணை அந்தத் தரப்பினருக்கிடையே இறுதியானது என்கிறது அப்பிரிவு. இதை எல்லோரும் எளிதில் ஏற்றுக்கொள்வார்கள். அதன் கீழே உள்ள விளக்கம்தான் பலருக்குத் தெரியாதது. முதல் வழக்கில் நீங்கள் கேட்டது மட்டும் முடிந்துபோவதில்லை. அதே வழக்குக் காரணத்தின் மேல் அன்று கேட்டிருக்கக்கூடிய, ஆனால் கேட்காமல் விட்ட உரிமையும் சேர்ந்து முடிந்துபோகிறது.

மகனின் வழக்கு அந்த விளக்கத்தில்தான் போய் முட்டியது. அவருடைய சட்டத்தரணி உறுதியைப் பற்றிப் பேசவே இல்லை. "என் கட்சிக்காரரின் தந்தை இருபத்தைந்து வருடமாக இங்கே மிளகு பறித்தவர். பத்து வருடத்துக்கு மேல் தடையின்றி ஆண்டதால் காணி அவருக்கே உரியதாகிவிட்டது" என்பது அவருடைய வாதம். ஆட்சியால் உரிமை பெறும் இந்த வழி 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தில் உண்மையாகவே உண்டு. உறுதி என்பது ஒரு வழி, ஆட்சி என்பது இன்னொரு வழி. ஆகவே இது புது வழக்கு என்றார்.

கேட்டதும் எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஆனால் இரண்டு வழிகளும் போய்ச் சேருவது ஒரே இடத்துக்கு: இந்தத் துண்டு யாருடையது? ஒரு காணி தன்னுடையது என்று வழக்கு வைப்பவர், அன்று தம் கையில் இருக்கும் எல்லா உரிமைகளையும் ஒன்றாக முன்வைக்க வேண்டும். முதல் வழக்கின் நாளிலேயே தந்தைக்கு நீண்ட ஆட்சி இருந்திருந்தால், அன்றே அதையும் சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் உறுதியால் தோற்றவர் ஆட்சியால் வருவார், ஆட்சியால் தோற்றவர் நன்கொடையால் வருவார். எதிர்த்தரப்பில் இருப்பவர் வாழ்நாள் முழுவதும் சட்டத்தரணிக்குக் காசு கட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மகன், தான் முதல் வழக்கில் தரப்பினர் இல்லை என்றும் சொன்னார். அது உதவவில்லை. தந்தையின் உரிமை வழியாகவே அவர் வருகிறார். தந்தையைக் கட்டிய தீர்ப்பு அவரையும் கட்டும். எங்கள் பக்கமும் அப்படியே, அப்பாவின் இடத்தில் உம்மம்மா.

அவர் கையில் இன்னொரு காகிதமும் இருந்தது. முதல் வழக்கு முடிந்து சில காலத்தில் மிளகு பறிப்பதில் சண்டை வந்து பொலிஸ் வரை போயிருந்தது. பொலிசார் விடயத்தை நீதவானிடம் கொண்டுபோக, அப்போது துண்டை வைத்திருந்தவருக்குத் தொந்தரவு செய்யக் கூடாது என்று, அவருடைய தந்தைக்குச் சாதகமாக ஓர் உத்தரவு கிடைத்தது. "பிந்திய தீர்ப்பு எங்களுடையது" என்று அதைக் காட்டினார். இந்தக் குழப்பம் நம் ஊரில் நிறையப் பேருக்கு உண்டு. 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் வரும் அந்த உத்தரவு, சமாதானக் குலைவைத் தடுக்க இப்போதைக்கு யார் வைத்திருப்பது என்று மட்டுமே சொல்லும். உரிமையைப் பற்றி அது எதையும் தீர்ப்பதில்லை என்பதை அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்லிவிடுகிறது. ஆகவே அது முன்தீர்ப்பு ஆகாது.

இவ்வளவும் இருந்தும் தடை தானாக வந்து நிற்காது என்பதை மாமாவின் அலைச்சலில் கண்டேன். எதிராளி தம் மறுமொழியிலேயே அதை எழுதி, எழுவினாவாகக் கிளப்பி, நிரூபிக்க வேண்டும். தீர்ப்பாணையின் பிரதி மட்டும் போதாது. அதில் "வழக்குத் தள்ளுபடி" என்ற ஒரு வரிதான் இருந்தது. எதைக் கேட்டு, எதற்காகத் தள்ளுபடியானது என்று காட்ட, பழைய வழக்குரை, மறுமொழி, எழுவினாக்கள், தீர்ப்பு எல்லாவற்றின் அத்தாட்சிப்படுத்திய பிரதிகளும் வேண்டும். நியாயாதிக்கம் இல்லை என்பது போன்ற காரணத்தால் தள்ளுபடியாகியிருந்தால் தடை எழாது. மாமா பதிவேட்டு அறைக்கு எத்தனை தடவை போனார் என்று அவரே மறந்துவிட்டார். புதிய வரைபடத்தில் துண்டுக்கு வேறு எழுத்துப் போட்டிருந்ததால், நில அளவையாளர் பழைய வரைபடத்தைப் புதியதன் மேல் பொருத்தி, இரண்டும் ஒரே துண்டுதான் என்று அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது.

அப்படியானால் ஒரு தடவை தீர்ந்த கேள்வி எப்போதைக்கும் மூடப்பட்டதா? இல்லை. நம் சமூகத்தோடு தொடர்புடைய ஒரு வழக்கே இதற்குச் சான்று. அப்துல் கபூர் நம்பிக்கைப் பொறுப்பின் வருமானம் வெளிநாட்டில் கல்வி கற்கும் தகுதியான முஸ்லிம் இளைஞர்களுக்குச் செல்ல வேண்டும் என்று அதன் உறுதியில் எழுதப்பட்டிருந்தது. ஆனால் முதல் இடம் நிறுவியவரின் குடும்ப வழியினருக்கு. இது தர்ம நிதி, ஆகவே வரி இல்லை என்று ஓர் ஆண்டின் வரிக்கு மீளாய்வுச் சபை தீர்த்தது. வருமான வரி ஆணையாளர் அதை எதிர்த்து மேலே போகவில்லை. ஆனால் பிந்திய ஆண்டுகளுக்கு மீண்டும் வரி விதித்தார். "இது தீர்ந்த விடயம்" என்றார்கள் பொறுப்பாளர்கள்.

வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. 1961இல் ராட்கிளிஃப் பிரபு வழங்கிய தீர்ப்பு பொறுப்பாளர்களுக்கு எதிரானது. உறுதி அதே உறுதி, கேள்வியும் அதே கேள்வி. ஆனாலும் சபை தீர்க்க அதிகாரம் பெற்றிருந்தது அந்த ஓர் ஆண்டின் வரியை மட்டுமே. அடுத்த ஆண்டின் வரி வேறொரு விடயம். குடும்பத்துக்கு முதலிடம் கொடுத்ததால் அது தர்ம நிதியும் அல்ல என்று முடிவானது. உதவிப் பணத்துக்குக் காத்திருந்த மாணவர்களை நினைத்தால் எனக்கு அந்த முடிவு கசக்கத்தான் செய்கிறது. ஆனால் முதல் பகுதியில் உள்ள தர்க்கத்தை மறுக்க முடியவில்லை.

அதே தர்க்கம் எங்கள் துண்டையும் தொட்டது. முதல் தீர்ப்புக்குப் பிறகு புதிதாகப் பிறந்த உரிமையை அந்தத் தீர்ப்பு தடுக்காது. தீர்ப்புக்குப் பின் மகனின் தரப்பு பத்து வருடம் தடையின்றி ஆண்டிருந்தால், அது உண்மையிலேயே புது வழக்காகியிருக்கும். கடந்திருந்ததோ எட்டு வருடம். முன்னைய ஆண்டுகளை அந்த எட்டோடு கூட்டவும் முடியாது. அவை முதல் வழக்கோடு முடிந்தவை.

நீதிபதி இந்தச் சட்ட எழுவினாவை முதலில் எடுத்துக்கொண்டு, சாட்சி விசாரணைக்குப் போகாமலே வழக்கைத் தள்ளுபடி செய்தார். அன்று மாலை உம்மம்மா தகரப் பெட்டியைத் திறந்து, உறுதியின் கீழே இரண்டு வழக்குக் கட்டுகளையும் வைத்தார். பிறகு மாமாவைக் கூப்பிட்டு, நாளைக்கே ஆள் வைத்து அந்த எல்லையில் வேலி போடச் சொன்னார்.