கடைக்கு ஏற்ற நேரம் எது?

‘செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்குப் போஸ்ட் போட்டால் நன்றாக ஓடும்’ என்பது போன்ற அறிவுரைகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. உலகத்தில் யார் யாருடைய கணக்குகளையோ கூட்டிச் சொன்ன நேரம் அது. இன்ஸ்டாகிராமில் சேலை விற்கும் ஒரு சிறு கடைக்கு அதைவிட நம்பகமான கணக்கு அதன் சொந்த Insights பக்கத்திலேயே இருக்கிறது. அதை எப்படிப் படிப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

முதலில் கணக்கு பிசினஸ் கணக்காக மாறியிருக்க வேண்டும். மாற்றிய நாளிலிருந்துதான் கணக்கெடுப்பு தொடங்கும். பழைய போஸ்ட்களுக்கு எதுவும் கிடைக்காது. நூறு பேராவது பின்தொடர்ந்தால்தான் அவர்களைப் பற்றிய விவரம் திறக்கும். அதில் Most active times என்ற பகுதியில், கிழமை வாரியாகவும் மூன்று மணி நேரத்துக்கு ஒன்றாகவும் பட்டைகள் நிற்கும். உங்களைப் பின்தொடர்பவர்கள் எப்போது இன்ஸ்டாகிராமில் இருக்கிறார்கள் என்பதை மட்டுமே அந்தப் பட்டைகள் சொல்கின்றன. அவர்கள் சேலை வாங்கும் மனநிலையில் இருக்கிறார்களா, உங்கள் போஸ்ட்டைப் பார்த்தார்களா என்பதற்கு அங்கே பதில் இல்லை. உயரமான பட்டையைக் கண்டதும் அதுதான் நேரம் என்று முடிவு கட்டுவது அவசரம்.

காரைக்குடியில் செட்டிநாட்டுக் கண்டாங்கிச் சேலை விற்கும் ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். பின்தொடர்பவர்கள் 1,200 பேர். இரவு 9 மணிப் பட்டையில் 500 பேர், நண்பகல் 12 மணிப் பட்டையில் 430 பேர். கிழமைகளுக்கு இடையே பத்துப் பதினைந்து பேர்தான் வித்தியாசம். அவ்வளவு சின்ன வித்தியாசத்தை வைத்துக் கிழமையைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. புதுச் சரக்கு வரும் நாளை ஒட்டியே வைத்துக்கொள்ளலாம். இன்ஸ்டாகிராம் போஸ்ட்களை நேர வரிசைப்படி காட்டுவதும் இல்லை. ஆகவே 8.50க்கா 9.10க்கா என்று யோசிப்பதும் வீண். பகலா இரவா என்பதுதான் சோதித்துப் பார்க்கத் தகுந்த கேள்வி.

நான்கு வாரம், வாரத்துக்கு இரண்டு போஸ்ட். ஒன்று பகல் 12.30க்கு, மற்றது இரவு 9 மணிக்கு. எந்தக் கிழமையில் எது என்பதை வாராவாரம் மாற்றிக்கொள்ள வேண்டும். எட்டும் ஒரே வகையாக, அதாவது சேலைப் படமும் விலையுமாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு ரீல்ஸ் போட்டு அதையும் சேர்த்து ஒப்பிட்டால் கணக்கு கெட்டுவிடும். ரீல்ஸ் பெரும்பாலும் உங்களைப் பின்தொடராதவர்களிடம் போகும், நாள் கணக்கில் ஓடிக்கொண்டும் இருக்கும். ஒவ்வொரு போஸ்ட்டின் எண்ணையும் போட்ட மறுநாள் அதே நேரத்தில் நோட்டில் எழுதிவிட வேண்டும். மாதக் கடைசியில் மொத்தமாகப் பார்த்தால், முதலில் போட்ட போஸ்ட்டுக்குக் கூடுதல் நாட்கள் கிடைத்திருக்கும். அது ஜெயித்த மாதிரி தெரியும்.

நம் கடையில் பகல் போஸ்ட்கள் 350, 370, 340, 360 பேரை எட்டின என்று வைத்துக்கொள்வோம். இரவு போஸ்ட்கள் 410, 380, 900, 390. சராசரி போட்டால் இரவு 520, பகல் 355. ஆனால் அந்த 900 எப்படி வந்தது? போஸ்ட்டைத் திறந்து பார்த்தால், எட்டியவர்களில் பாதிக்கு மேல் பின்தொடராதவர்கள். யாரோ அதைப் பலருக்குப் பகிர்ந்திருக்கிறார். அது நேரத்தால் வந்த எண் இல்லை. அதை ஒதுக்கினால் இரவுச் சராசரி 393. நாற்பது பேருக்குச் சற்றுக் குறைவான லாபம்தான் மிஞ்சுகிறது.

அடுத்து, நோட்டில் இன்னொரு பத்தி வேண்டும்: எத்தனை பேர் விலை, நிறம், ஸ்டாக் கேட்டார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள். இது Insights-ல் வராது. கடைக்காரரேதான் எழுத வேண்டும். என்னைக் கேட்டால், மற்ற எல்லா எண்ணையும்விட இதுதான் பெரிது. இரவில் 22 பேர் கேட்டு 5 பேர் வாங்கினார்கள். பகலில் 19 பேர் கேட்டு 8 பேர் வாங்கினார்கள் என்று வந்தால் காரணம் தேடித் தூரம் போக வேண்டாம். கடை 9 மணிக்கு மூடுகிறது. இரவு கேட்டவருக்கு மறுநாள் காலை பதில் போகிறது. அதற்குள் அவருக்கு ஆசை ஆறிவிடுகிறது. பகலில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சேலையை விரித்து இன்னொரு படம் எடுத்து அனுப்ப முடிகிறது.

எட்டுப் போஸ்ட் என்பது சின்னக் கணக்கு, அது தீர்ப்பு ஆகாது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் ஆடித் தள்ளுபடியின்போதும் எந்த நேரத்தில் போட்டாலும் விற்கும் என்பதால், அந்த நாட்களில் இந்தச் சோதனையை வைக்கக் கூடாது. சாதாரண மாதங்களில் இன்னொரு முறை செய்து, அப்போதும் பகலே முந்தினால் புதுச் சேலைகளைப் பகலுக்கு மாற்றிவிடலாம். இரவுக் கூட்டத்துக்கு, விலை கேட்க அவசியமில்லாத நெசவுப் படங்கள் போதும்.

ஊர்ப் பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது; இங்கே இரவு 9 என்றால் அங்கே 11.30. பட்டியலில் சிங்கப்பூர் மேலே இருந்தால் மாலை 6 மணி என்ற மூன்றாவது நேரத்தையும் சோதிக்கலாம். அங்கே அப்போது இரவு 8.30, இங்கே கடையும் திறந்திருக்கும்.