நிறுத்திய மாத்திரையை யார் சொல்வது?

அரசு மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் நோயாளியின் கைக்கு ஒரு சீட்டும் ஒரு மாத்திரைக் கவரும் வரும். சீட்டில் மருந்தின் பெயருக்கு எதிரே 1-0-1 என்று இருக்கும். காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவில் ஒன்று என்று பொருள். இனி எதையெல்லாம் சாப்பிட வேண்டும் என்பது அந்தச் சீட்டில் தெளிவாக இருக்கும். எதைச் சாப்பிடக் கூடாது என்பது பெரும்பாலும் இருக்காது. வீட்டு அலமாரியில் காத்திருக்கும் பழைய மாத்திரைகளைப் பற்றி அந்தச் சீட்டுக்கு ஒன்றும் தெரியாது.

பார்வை மங்கிய முதியவருக்கு இதுதான் பெரிய ஆபத்து. நர்சிங் மாணவிகள் இதைப் பழகுவதற்காக எழுதிய ஓர் உரையாடலை இங்கே தருகிறேன். ஆட்கள் கற்பனை, மருந்துகளும் அவற்றால் வரும் சிக்கலும் எந்த வார்டிலும் பார்க்கக் கூடியவை.

நெல்லைப் பக்கத்து ஆச்சி ஒருவர். வயது 74. பல வருடங்களாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. இரண்டு கண்ணிலும் புரை, அறுவை இன்னும் ஆகவில்லை. ஒருநாள் காலை வேர்த்து விறுவிறுத்து, பேச்சுக் குழறி மயங்கினார். மருத்துவமனையில் பார்த்தபோது சர்க்கரை 42. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரைதான். நரம்பு வழியாக குளுக்கோஸ் ஏற்றியதும் தெளிந்துவிட்டார். ஆனாலும் உடனே வீட்டுக்கு விடவில்லை. காரணம், அவர் சாப்பிட்டு வந்த கிளிமிபிரைடு என்ற மாத்திரை. அது கணையத்தை உசுப்பி இன்சுலின் சுரக்க வைக்கும்; சாப்பிட்டாரா, பட்டினியா என்று பார்க்காது. அதன் வேலை ஒருநாள் முழுக்க நீடிக்கும் என்பதால், ஏற்றிய குளுக்கோஸ் தீர்ந்ததும் சர்க்கரை மறுபடி இறங்கலாம். இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, டாக்டர் கிளிமிபிரைடை அடியோடு நிறுத்தினார். இனி மூன்று மருந்துதான்: மெட்ஃபார்மின் 500 மி.கி. காலையும் இரவும், அம்லோடிபின் 5 மி.கி. காலையில், அட்டோர்வாஸ்டாடின் 10 மி.கி. இரவில்.

மாணவி வருகிறாள். ஆச்சியின் கண்ணில் ஜன்னல் வெளிச்சம் நேராக அடிக்காதபடி கட்டிலில் திருப்பி உட்கார வைக்கிறாள். புரை விழுந்த கண்ணுக்கு எதிர்வெளிச்சம் பட்டால் இருப்பதும் தெரியாமல் போகும்.

மாணவி: ஆச்சி, நான் நர்சிங் படிக்கிற பிள்ளை, காலைல பிரஷர் பாத்தேன்லா, அவதான். உங்க வலது பக்கம் உக்காந்திருக்கேன். மருமக அக்காவும் கிட்டதான் நிக்காங்க. மாத்திரையப் பத்திப் பேசலாமா?

ஆச்சி: பேசு தாயி. மாத்திரை எல்லாம் எனக்கு அத்துப்படி. வருசக்கணக்கால்லா சாப்பிடுதேன்.

மாணவி: அப்ப நீங்களே சொல்லுங்க ஆச்சி. வீட்டுல எதை எதை எப்படி எடுப்பீங்க?

ஆச்சி: பிஸ்கெட் டப்பாவுல எல்லாம் கெடக்கும். பெருசு ஒண்ணு, சிறுசு ரெண்டு. காலைல காப்பி குடிச்சதும் மூணையும் போட்ருவேன்.

மாணவி: சிறுசு ரெண்டும் எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

ஆச்சி: ஒண்ணு வெள்ளை, ஒண்ணு மஞ்சள்னு மவன் சொன்னான். எனக்கு ரெண்டும் ஒண்ணு போலதான் தெரியுது.

மாணவி தன் பாடத்தைத் தொடங்கும் முன் கேட்ட இந்த இரண்டு கேள்விகளில்தான் பாதி வேலை முடிகிறது. நேராக விளக்கத்தில் இறங்கியிருந்தால் பிஸ்கெட் டப்பா வெளியே வந்திருக்காது. நிறத்தை வைத்து அடையாளம் சொல்வது பார்வையுள்ளவர்களின் பழக்கம். புரை முற்றிய கண் எதையும் பழுப்பேறிய கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோலப் பார்க்கும். வெள்ளையும் இளமஞ்சளும் அதற்கு ஒன்றாகிவிடும். தவிர, நிறமும் அளவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கிளிமிபிரைடும் அம்லோடிபினும் இரண்டுமே பொடி மாத்திரைகள். விரலால் தடவியும் பிரித்தறிய முடியாது.

மருமகள் பையிலிருந்து டப்பாவை எடுக்கிறார். மாணவி ஒவ்வொரு அட்டையாக எடுத்து வாய்விட்டுப் படிக்கிறாள். அரசு அட்டையில் கிளிமிபிரைடு இருக்கிறது. கூடவே வெளியே மருந்துக் கடையில் வாங்கிய இன்னொரு அட்டை. மேலே பெரிதாக ஏதோ ஒரு கம்பெனிப் பெயர், கீழே பொடி எழுத்தில் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின்.

மாணவி: ஆச்சி, இந்தக் கடை மாத்திரை எப்ப வாங்கினது?

ஆச்சி: போன மாசம் காய்ச்சலுக்குப் போனோம்லா, அந்த டாக்டர் எழுதுனது. சக்கரை கூடியிருக்குன்னாரு.

மாணவி: அதையும் போட்டு, பழைய மாத்திரையும் போட்டீங்களா?

ஆச்சி: அது வேற, இது வேறல்லா?

மயக்கத்துக்கான காரணம் இங்கேதான் வெளிவருகிறது. ஒரே மருந்தை இரண்டு பெயரில் சாப்பிட்டிருக்கிறார். இரண்டு மருந்தை ஒரே மாத்திரையில் சேர்த்து விற்பது நம் நாட்டில் மிகச் சாதாரணம். கம்பெனிப் பெயரை மட்டும் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது.

இந்த இடத்தில் மாணவி பேச்சை நிறுத்த வேண்டும். "இதைச் சாப்பிட வேண்டாம்" என்று தானாகச் சொல்லும் அதிகாரம் அவளுக்கு இல்லை. இரண்டு அட்டைகளையும் பணியில் இருக்கும் சிஸ்டரிடம் காட்ட, சிஸ்டர் டாக்டரைக் கூப்பிடுகிறார். டாக்டர் பார்த்துவிட்டு இரண்டும் கூடாது என்கிறார். சீட்டிலேயே "கிளிமிபிரைடு நிறுத்தப்பட்டது, கூட்டு மாத்திரையும் கூடாது" என்று எழுதித் தருகிறார். இந்த ஒரு வரி எழுத்தில் இருப்பது மிக முக்கியம் என்று நினைக்கிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. கொண்டுவருபவரிடம் இருப்பது பழைய பட்டியல். இந்தச் சீட்டைக் காட்டாவிட்டால் நிறுத்திய மருந்து அடுத்த மாதமே திரும்ப வீட்டுக்குள் வந்துவிடும்.

மாணவி திரும்பி வந்து உட்காருகிறாள்.

மாணவி: ஆச்சி, டாக்டரம்மா சொல்லிட்டாங்க. சக்கரைக்கு இனி ஒரே மாத்திரைதான், அந்தப் பெருசு. இந்த ரெண்டு அட்டையும் வீட்டுக்கே வரக் கூடாது. அக்கா, இத இங்க மருந்து குடுக்கிற இடத்துல கேட்டுக் குடுத்துருங்க.

ஆச்சி: காசு குடுத்து வாங்குனதுல்லா, பாதி கூடத் தீரல.

மாணவி: எனக்கும் தெரியுது ஆச்சி. ஆனா அன்னைக்கு உங்கள மயங்க வச்சது இதுதான். டப்பாவுல கெடந்தா, கை தவறி எடுத்திருவீங்க.

அடுத்து அடையாளம். மாணவி நிறத்தையும் பெயரையும் விட்டுவிட்டு நேரத்தைப் பிடிக்கிறாள். வீட்டிலிருந்து வந்த இரண்டு டப்பாக்கள்: வட்டமான எவர்சில்வர் டப்பா காலைக்கு, சதுரமான பிளாஸ்டிக் டப்பா இரவுக்கு. சதுர டப்பாவில் ஒரு ரப்பர் பேண்டும் சுற்றுகிறாள். காலை டப்பாவில் ஒரு மெட்ஃபார்மின் அட்டையும் ஒரு அம்லோடிபின் அட்டையும். இரவு டப்பாவில் இன்னொரு மெட்ஃபார்மின் அட்டையும் அட்டோர்வாஸ்டாடினும். எந்த டப்பாவைத் திறந்தாலும் இரண்டே அட்டை, ஒவ்வொன்றிலும் ஒன்று எடுத்தால் கணக்கு முடிந்தது. பார்வைக்குப் பதில் விரலை நம்புவதால், ரப்பர் பேண்டு தட்டுப்படுகிறதா என்று முதலிலேயே தடவச் சொல்லிப் பார்க்கிறாள். நெடுநாள் சர்க்கரையில் சிலருக்கு விரல் நுனியும் மரத்திருக்கும்.

மருமகள் கேட்கிறார்: ஒவ்வொரு மாத்திரையா வெட்டி வச்சுட்டா ஈசியா இருக்கும்லா?

மாணவி: வேண்டாம் அக்கா. வெட்டின துண்ட உறையோட வாய்ல போட்டுருவாங்க.

இது மிகையான பயம் அல்ல. பார்வை குறைந்த முதியவர்கள் வெட்டிய துண்டை உறையோடு விழுங்கி, கூரிய ஓரம் உணவுக்குழாயில் குத்தி, எண்டோஸ்கோப்பி செய்து எடுக்க வேண்டிவந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கின்றன. அட்டை முழுசாக இருந்தால் மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் கூடவே இருக்கும். பெயர் அச்சிட்ட ஓரத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து மாத்திரையைப் பிதுக்கிக்கொண்டு வந்தால் கடைசி மாத்திரை வரை பெயரும் பிழைக்கும்.

மாணவி: இப்ப ஆச்சி, நான் ஒழுங்கா சொல்லிக் குடுத்தேனான்னு எனக்குத் தெரியணும். காலைல என்ன செய்வீங்கன்னு டப்பாவ எடுத்துச் செஞ்சே காட்டுங்க.

ஆச்சி: (வட்ட டப்பாவைத் தடவி எடுக்கிறார்) இது காலைக்கு. ரெண்டு அட்டை. இதுல ஒண்ணு, இதுல ஒண்ணு. காப்பி குடிச்சதும் போட்டுருதேன்.

"புரிஞ்சுதா?" என்று கேட்டிருந்தால் "ஆமா" என்றிருப்பார். செய்து காட்டியதால் ஒரு தவறு வெளியே வந்தது. மெட்ஃபார்மின் வெறும் வயிற்றில் போனால் குமட்டும், பேதியாகும். அந்தத் தொல்லையால் பலர் மாத்திரையையே விட்டுவிடுவார்கள். மாணவி "தப்பு" என்று சொல்லவில்லை, முன்பு சொன்னதையே உரத்தும் சொல்லவில்லை. வேறு வழியில் கேட்கிறாள்.

மாணவி: இட்லி எத்தன மணிக்கு ஆச்சி?

ஆச்சி: எட்டரை ஆவும்.

மாணவி: அப்ப டப்பாவ காப்பிப் பக்கம் வைக்காதீங்க, தட்டு பக்கத்துல வைங்க. இட்லி தின்னு கை கழுவினதும் மாத்திரை. போட்டதும் டப்பாவக் கவுத்து வச்சிருங்க. போட்டமா போடலையான்னு சந்தேகம் வந்தா தொட்டுப் பாருங்க. கவுந்திருந்தா போட்டாச்சு.

ஆச்சி: ராத்திரி மறந்துட்டா? காலைல சேத்துப் போட்ரவா?

மாணவி: சேத்துப் போடவே கூடாது ஆச்சி. விட்டது விட்டதுதான். அடுத்த வேளைக்கு உள்ளத மட்டும் போடுங்க.

ஆச்சி மறுபடி செய்து காட்டுகிறார். இட்லி, கை கழுவல், வட்ட டப்பா, இரண்டு அட்டை, கவிழ்ப்பு. இப்போது சரி. கவிழ்த்த டப்பாக்களை இரவு படுக்கும் முன் நிமிர்த்தி வைப்பது மருமகளின் பொறுப்பு.

தாழ்சர்க்கரை பற்றி மாணவி மருமகளிடம் தனியாகச் சொல்கிறாள். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடும்போது அது வருவது அரிது. ஆனாலும் வேர்த்து, கை நடுங்கி, படபடத்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் சாப்பாடு. நினைவில்லாமல் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழைக்க வேண்டும்.

மூன்றாம் நாள் மாலை வார்டிலிருந்து வீட்டுக்கு ஒரு போன். "மாத்திரை சாப்பிடுறாங்களா?" என்று கேட்டால் "சாப்பிடுறாங்க" என்றுதான் பதில் வரும். மாணவி அதைக் கேட்பதில்லை.

மாணவி: அக்கா, ரெண்டு டப்பாவுலயும் பெரிய மாத்திரை அட்டை எடுத்து எண்ணிச் சொல்லுங்க.

மருமகள்: காலை டப்பால ஏழு இருக்கு. ராத்திரி டப்பால ஒன்பது.

பத்து மாத்திரை அட்டை. அதுவரை இரண்டு இரவு போயிருக்கிறது, எட்டு இருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போயிருக்கிறது. விசாரித்தால் ஆச்சி ஏழு மணிக்குச் சாப்பிட்டதும் படுத்துவிடுகிறார், இரவு டப்பாவோ சமையலறையில் இருக்கிறது. இருட்டில் அவ்வளவு தூரம் தடவிக்கொண்டு போக அவர் எழுவதில்லை. டப்பாவை அவர் சாப்பிட உட்காரும் திண்ணைக்கு மாற்றும்படி மாணவி சொல்கிறாள். மறுபடி எண்ணிச் சொல்ல ஞாயிற்றுக்கிழமை என்று நாளும் குறித்துக்கொள்கிறாள்.