மூணு பவுன் செயின், ரெண்டு மாப்பிள்ளை

நகைக்கடையில் ஆண்களுக்குச் செயின் கேட்டால் முதலில் வரும் கேள்வி, "எத்தனை பவுன்ல பாக்குறீங்க சார்?" என்பதுதான். கழுத்து எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. சட்டை எடுக்கப் போனால் காலர் சைஸ் கேட்கிறார்கள், செருப்புக் கடையில் காலை அளக்கிறார்கள். லட்சக்கணக்கில் கொடுத்து, குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழுத்திலேயே கிடக்கப்போகிற செயினை மட்டும் எடையைச் சொல்லி வாங்கிவிடுகிறோம்.

இதில் என்ன தவறு நடக்கிறது என்பதை நம் கல்யாணங்களில் தெளிவாகப் பார்க்கலாம். ஒரு வீட்டில் இரண்டு பெண்கள். மூத்த மாப்பிள்ளைக்கு மூன்று பவுன் செயின் போட்டார்கள் என்றால் இளைய மாப்பிள்ளைக்கும் மூன்று பவுன்தான். குறைத்தால் பேச்சு வரும், கூட்டினால் மூத்தவர் முகம் சுருங்கும். ஆனால் மூத்தவர் ஆறடி உயரம், அகன்ற தோள், 44 சைஸ் சட்டை. இளையவர் ஒல்லி, 38 சைஸ். இருவருக்கும் ஒரே டிசைனில், ஆளுக்கேற்ற நீளத்தில், 24 கிராமில் செயின் செய்தால், ஒல்லியானவர் கழுத்தில் தடித்த செயினும் பெரிய ஆள் கழுத்தில் மெல்லிய செயினும் வந்து விழும். வேண்டியதற்கு நேர் எதிர்.

காரணம் எளிய கணக்கு. ஒரே டிசைனில் நீளத்தை இரட்டிப்பாக்கினால் எடையும் இரட்டிப்பாகும். தடிமனை இரட்டிப்பாக்கினால் எடை நான்கு மடங்காகும், ஏனென்றால் கம்பி அகலத்திலும் பருக்கிறது, உயரத்திலும் பருக்கிறது. அதனால் தடிமனில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் வேண்டுமென்றால் தங்கம் நிறையவே போடவேண்டும். அரை பவுனோ ஒரு பவுனோ கூட்டினால் பில்லில் தெரியும் அளவுக்குக் கழுத்தில் தெரியாது.

கடையில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். பிடித்த டிசைனில் ஒரு செயினை எடுத்து அதன் நீளம், எடை, தடிமன் மூன்றையும் கேளுங்கள். எடை சீட்டிலேயே இருக்கும், நீளத்தை ஸ்கேல் வைத்துக் காட்டுவார்கள். தடிமனை வெர்னியர் காலிப்பரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு, 20 இன்ச் நீளம், 3 மில்லிமீட்டர் தடிமன், 16 கிராம் எடை என்று வைத்துக்கொள்வோம். இன்ச்சுக்கு 0.8 கிராம். டிசைன் மாறினால் இந்த எண் மாறும், கணக்கு மாறாது.

மூத்த மாப்பிள்ளைக்கு 24 இன்ச்சில் 24 கிராம் என்றால் இன்ச்சுக்கு ஒரு கிராம். தடிமன் சுமார் 3.3 மில்லிமீட்டர் வரும். இளையவருக்கு 20 இன்ச்சில் அதே 24 கிராம் என்றால் இன்ச்சுக்கு 1.2 கிராம், தடிமன் 3.7 மில்லிமீட்டரை நெருங்கிவிடும். சின்னக் கழுத்தில் அது தூக்கலாகத் தெரியும். பெரியவருக்கு 24 இன்ச்சிலேயே 4 மில்லிமீட்டர் வேண்டும் என்று ஆசைப்பட்டால் 34 கிராம், அதாவது நாலே கால் பவுன் ஆகும். மாமனார் ஒப்புக்கொள்ளமாட்டார்.

மூன்று பவுனுக்குள்ளேயே இதற்கு வழி இருக்கிறது. அதற்குத்தான் நீளத்தைச் சரியாக முடிவு செய்யவேண்டும்.

செயின் நீளம் உயரத்தைப் பார்த்து முடிவு செய்வது அல்ல, கழுத்துச் சுற்றளவைப் பார்த்து. பெரும்பாலான ஃபார்மல் சட்டைகளில் போட்டிருக்கும் 38, 40, 42, 44 என்ற எண்கள் சென்டிமீட்டரில் காலர் அளவுதான். 38 என்றால் சுமார் 15 இன்ச், 44 என்றால் 17 இன்ச்சுக்குக் கொஞ்சம் மேல். அதோடு நான்கு, ஐந்து இன்ச் கூட்டினால் செயின் இரண்டு காறையெலும்புகளுக்கும் நடுவில் உள்ள குழியை ஒட்டி, கொஞ்சம் கீழே இறங்கி நிற்கும். தினமும் போடுகிறவருக்கு இந்த இடம் வசதி. அதைவிடக் குட்டையாக இருந்தால் காலர் பட்டனோடு உரசிக்கொண்டே இருக்கும். அதற்கு மேல் நீளத்தில் ஒவ்வொரு இரண்டு இன்ச்சும் செயினை ஏறக்குறைய ஒரு இன்ச்தான் கீழே இறக்கும், ஏனென்றால் நீளம் இரண்டு பக்கமும் பங்கிடப்படுகிறது. "கொஞ்சம் இறக்கமா இருக்கட்டும்" என்று சொல்லி நான்கு இன்ச் கூட்டி வாங்குகிறவர்கள் இரண்டு இன்ச் இறக்கத்துக்காகத் தடிமனை விட்டுக்கொடுக்கிறார்கள்.

வீட்டில் ஒரு நூலை எடுத்து 18, 20, 22, 24 இன்ச்சில் பேனாவால் குறி வையுங்கள். ஒவ்வொரு குறியிலும் முடிந்து கழுத்தில் போட்டு, வழக்கமாகப் போடும் சட்டையோடு கண்ணாடி முன் நில்லுங்கள். ஒரு பட்டன் திறந்தால் தெரிய வேண்டுமா, உள்ளேயே கிடக்க வேண்டுமா என்பது அப்போதே முடிவாகிவிடும். கடைக் கவுண்டரில் வெல்வெட் தட்டின் மேல் மூன்று மில்லிமீட்டர் செயின் கம்பீரமாகத்தான் இருக்கும். கூடவே கடை விளக்கின் உபயம் வேறு. மாநிறத் தோலில், நாலடி தள்ளி நின்று பார்க்கும்போதுதான் அதன் உண்மையான அளவு தெரியும்.

இப்போது மாப்பிள்ளைகளிடம் வருவோம். மூத்தவரின் கழுத்து 17 இன்ச்சுக்குச் சற்று மேல். அவருக்கு 24 தேவையே இல்லை, 22 போதும். அதே 24 கிராமை 22 இன்ச்சில் செய்தால் தடிமன் 3.5 மில்லிமீட்டர் ஆகிறது. அதோடு உருண்டையாக முறுக்கிய கயிறு டிசைனை விட்டுவிட்டு, வளையங்களைத் தட்டையாக்கிய டிசைனை எடுத்தால் அதே தங்கம் அகலமாகப் பரவி, அகன்ற மார்பில் நன்றாக எடுத்துக்காட்டும். கழுத்து குட்டையாகவும் தடிப்பாகவும் உள்ளவர்களுக்குத் தடித்த செயினைக் குட்டையாகப் போடுவதுதான் பெரிய தவறு, கழுத்தே இல்லாததுபோல் ஆகிவிடும். அவர்கள் மட்டும் கழுத்தளவோடு ஆறு, ஏழு இன்ச் கூட்டிக்கொள்வது நல்லது.

இளையவருக்கு 20 இன்ச்சில் 3 மில்லிமீட்டர், 16 கிராம் போதும். மீதமுள்ள எட்டு கிராமில் ஏழரை இன்ச் பிரேஸ்லெட் ஒன்று செய்யலாம். அது சுமார் மூன்றரை மில்லிமீட்டர் வரும். மெல்லிய மணிக்கட்டுக்கு அது சரியான அளவு. செய்கூலி கொஞ்சம் கூடும். எடை அதே மூன்று பவுன், பேச்சுக்கும் இடமில்லை.

எடை கூட்டாமல் பெரிதாகக் காட்ட இன்னொரு வழியைக் கடைக்காரர்கள் சொல்வார்கள்: உள்ளே கூடான ஹாலோ செயின். எப்போதாவது விசேஷத்துக்குப் போடுகிறவர் வாங்கலாம். தினமும் போடுகிறவருக்கு வேண்டாம் என்பேன். 22 காரட் தங்கமே மென்மையானது, அதில் சுவரும் மெல்லிதாக இருந்தால் தூக்கத்தில் அழுந்தியே நசுங்கும். வளையங்கள் உரசும் இடத்தில் சீக்கிரம் ஓட்டை விழும், பற்றவைப்பதும் கஷ்டம். கண்டுபிடிப்பது எளிது: தோற்றத்துக்குப் பொருந்தாத லேசான எடை.

பிரேஸ்லெட்டில் நீளத்தைத் தவறவிடுவது இன்னும் சுலபம். மணிக்கட்டு எலும்பை ஒட்டி இஞ்ச் டேப்பால் இறுக்காமல் அளந்து, முக்கால் இன்ச் கூட்டுவது வழக்கம். மெல்லிய பிரேஸ்லெட்டுக்கு அது சரிவரும். தடித்ததற்கு வராது. நீளத்தை நேராக நீட்டி வைத்து அளக்கிறோம், கையில் வளைத்துப் போடும்போது தடிப்பின் ஒரு பகுதி உள்பக்கம் வந்து இடத்தை எடுத்துக்கொள்கிறது. தோலிலிருந்து மூன்று மில்லிமீட்டர் உயரமாக நிற்கும் பிரேஸ்லெட் என்றால் சுற்றளவில் ஒன்பது மில்லிமீட்டர், அதாவது மூன்றில் ஒரு பங்கு இன்ச்சுக்கு மேல், உள்ளே குறைந்துவிடும். ஏழு இன்ச் மணிக்கட்டுள்ளவருக்கு மெல்லியதில் ஏழே முக்கால் போதும், தடித்ததில் எட்டுக்கு மேல் வேண்டும். போட்டபின் ஒரு விரல் தாராளமாக உள்ளே போகவேண்டும். கையைத் தொங்கவிட்டால் உள்ளங்கை மேட்டுக்கு இறங்கி வரக்கூடாது. இறங்கினால் மேசை விளிம்பு, வண்டி ஹேண்டில்பார், கதவு என்று எல்லாவற்றிலும் இடிபடும்.

இப்படி அடிபடுவதால்தான் பிரேஸ்லெட் செயினைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிப்பாக இருப்பது நல்லது. ஒரு எச்சரிக்கையும் உண்டு. லாரி, கார் மெக்கானிக்குகளும் கரண்ட் வேலை செய்கிறவர்களும் வேலையின்போது கழற்றிவிட வேண்டும். பேட்டரியின் பாசிட்டிவ் முனையையும் வண்டியின் இரும்பையும் பிரேஸ்லெட் ஒன்றாகத் தொட்டால் ஷார்ட் ஆகி, நொடியில் பழுத்துக் கையைச் சுட்டுவிடும்.

செயினில் முருகன் டாலரோ சிலுவையோ கோக்கிறவர்கள் அதையும் சேர்த்து யோசிக்கவேண்டும். டாலர் செயினைக் கீழே இழுத்து 'வி' வடிவமாக்கும், டாலரின் உயரமும் அதோடு சேரும். ஆகவே டாலரோடு போடுவதானால் நீளத்தை இரண்டு இன்ச் குறைக்கத் தயங்கவேண்டாம். டாலர் செயினைவிடக் கனமாக இருக்கக்கூடாது. இருந்தால் டாலர் வளையம் தொங்கும் அந்த நாலைந்து கண்ணிகள் மட்டும் மற்றவற்றுக்கு முன்பே தேய்ந்து அறும். கொக்கி டாலர் வளையத்தில் நுழைகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

அறுவதற்கு முன் செயின் சொல்லிவிடும். கொக்கியை ஒட்டிய கண்ணிகளையும் டாலர் தொங்கும் கண்ணிகளையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒன்றோடொன்று உரசும் உள்வளைவில் கம்பி பாதியாகக் குறைந்திருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. செயின் வாங்கியபோது இருந்ததைவிட நீண்டிருந்தால் கண்ணிகள் தேய்ந்து உள்ளே இடம் விட்டிருக்கின்றன என்று அர்த்தம். ஆசாரியிடம் கொடுத்தால் தேய்ந்த கண்ணிகளை வெட்டிவிட்டு இணைப்பார், நீளம் கொஞ்சம் குறையும்.

நீளம் குறையாவிட்டாலும் கழுத்து பெருக்கும். கல்யாணத்தின்போது 38 சைஸ் போட்டவர் நாற்பது வயதில் 42 போடுகிறார், அன்று சரியாக இருந்த 20 இன்ச் இன்று தொண்டையில் ஏறி நிற்கிறது. அதற்காக முழுச் செயினையும் உருக்கவேண்டியதில்லை. அதே டிசைன் கிடைக்காவிட்டாலும் கொக்கிப் பக்கம் இரண்டு இன்ச்சுக்குச் சாதாரண வளையச் சங்கிலியை இணைத்துக்கொள்ளலாம், அது பிடரியில் காலருக்குள் போய்விடும். அந்தத் துண்டும் 22 காரட்டாக, செயினுக்குக் குறையாத தடிமனில் இருக்கவேண்டும். மெல்லிசாகப் போட்டால் செயின் அறுவது அங்கேதான்.