வாட்ச் செயினைக் குறைப்பது அம்புக்குறியைப் பார்த்து

புது வாட்ச் கையில் தொளதொளவென்று ஆடுகிறதா? முதலில் பூட்டின் ஓரத்தைப் பாருங்கள். அங்கே வரிசையாகச் சிறு துளைகள் இருந்தால், ஸ்பிரிங் பாரைப் பக்கத்துத் துளைக்கு மாற்றி ஒருசில மில்லிமீட்டர் குறைக்கலாம். அது போதாதென்றால்தான் லிங்க்கைக் கழற்ற வேண்டும்.

எத்தனை லிங்க்? வாட்சைக் கட்டிக்கொண்டு, பூட்டுக்குப் பக்கத்தில் தொங்கும் பகுதியை விரலால் கிள்ளிப் பிடித்தால் கணக்குத் தெரிந்துவிடும். மூன்று என்று வைத்துக்கொள்வோம். 12 மணிப் பக்கம் ஒன்று, 6 மணிப் பக்கம் இரண்டு எடுக்கலாம். ஒரே பக்கம் மூன்றையும் எடுத்தால் பூட்டு மணிக்கட்டின் நடுவில் நிற்காது.

இனி செயினைத் திருப்பி உட்புறத்தைப் பாருங்கள். சில லிங்க்குகளில் சின்ன அம்புக்குறி இருக்கும், கழற்றக்கூடியவை அவைதான். பக்கவாட்டில் திருகு தலை தெரிந்தால் பின் புஷரை எடுத்து வைத்துவிடுங்கள், அதற்கு ஸ்க்ரூ டிரைவர்தான் வேண்டும்.

அம்புக்குறி ஏன் முக்கியம்? பல செயின்களில் பின்னின் ஒரு முனை பிளந்து, லேசாக விரிந்திருக்கும். அந்த விரிவுதான் பின்னை நழுவாமல் பிடித்துக்கொள்கிறது. அம்பு காட்டும் பக்கம் தள்ளினால் விரிந்த முனை முதலில் வெளியே வந்துவிடும். எதிர்ப்பக்கம் தள்ளினால் அதே முனை லிங்க் முழுவதையும் உரசிக்கொண்டு போக வேண்டும். பாதியில் சிக்கும், புஷரின் ஊசிதான் முதலில் வளையும்.

கீழே வெள்ளைத் துணி விரித்து, செயினைப் புஷரின் பள்ளத்தில் வையுங்கள். ஊசி நுனி பின்னின் நடுவில் நேராக நிற்கிறதா என்று பார்த்தபிறகே திருகவும். இறுக்கமாகத் தோன்றினால் பலத்தைக் காட்டாதீர்கள். ஊசியைப் பின்னுக்கு எடுத்து, நேர்படுத்தி மறுபடி தொடங்குங்கள். பின் கொஞ்சம் எட்டிப் பார்த்ததும் குறடால் இழுத்துவிடலாம். அப்போது சிறு குழல் ஒன்று உதிர்ந்தால் பத்திரப்படுத்துங்கள். சில செயின்களில் பின்னைப் பிடித்திருப்பது அந்தக் குழல்தான், அது இல்லாமல் பின் நிற்காது.

அடுத்தடுத்த லிங்க்குகளாக எடுத்தால், ஒன்றோ இரண்டோ, ஒரு பக்கத்துக்கு இரண்டு பின்களைக் கழற்றினால் போதும். சேர்க்க ஒன்றுதான் தேவை. இரண்டு பக்கமும் சேர்த்து நான்கு பின் வெளியே வரும், இரண்டு திரும்பப் போகும்.

மாட்டும்போது அம்புக்கு எதிர்த்திசை. கடைசியாக வெளியே வந்த முனையை முதலில் நுழைத்து, விரலால் முடிந்தவரை தள்ளி, மிச்சத்தைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். நகத்தால் இரு பக்கமும் தடவினால் எதுவும் தட்டுப்படக் கூடாது. ஒரு முனை துருத்திக்கொண்டிருந்தால் சட்டைக் கையில் மாட்டும். பின் ஒருநாள் கழன்று வாட்சே கீழே விழும்.

பூட்டுக்கடியில் சுண்டுவிரல் நுழையும் அளவு இடம் இருக்கட்டும். வெயில் காலத்தில் மணிக்கட்டு சற்று உப்பும். மிஞ்சிய லிங்க், பின் எல்லாவற்றையும் வாட்ச் பெட்டியிலேயே போட்டுவையுங்கள், அந்த மாடலுக்கு வேறு லிங்க் பொருந்தாது.