குளிர்காயும் கைக்குச் சூடு எந்த வழியில் வருகிறது?

நடுநிலைப் பள்ளி அறிவியல் பயிற்சித்தாளில் தவறாமல் வரும் ஒரு ‘பொருத்துக’ உண்டு. இடப்பக்கம் அன்றாடக் காட்சிகள் இருக்கும்: சூடான காபியில் போட்ட கரண்டியின் காம்பு சுடுகிறது, பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கிறது, வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டரின் சீட் சூடாகிறது, நெருப்பருகே குளிர்காய்கிறோம். வலப்பக்கம் வெப்பக்கடத்தல், வெப்பச்சலனம், வெப்பக்கதிர்வீச்சு என்று மூன்றே விடைகள். கரண்டிக்குக் கடத்தல் என்று எல்லாரும் கோடு போட்டுவிடுவார்கள். குளிர்காய்வதில்தான் வகுப்பு இரண்டாகப் பிரியும். “நெருப்பு காற்றைச் சூடாக்குது, அந்தக் காற்று வந்து கையில படுது. அப்போ சலனம்தானே?” என்று யாராவது கேட்பார்கள். விடைக்குறிப்பில் கதிர்வீச்சு என்று இருக்கும். ஏன் என்று அதில் இருக்காது.

கேட்ட பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. சலனம் என்றால் என்ன என்று அதற்குச் சரியாகவே தெரிந்திருக்கிறது. கடத்தலில் பொருளின் துகள்கள் தத்தம் இடத்திலேயே அதிர்ந்து, பக்கத்துத் துகளுக்கு வெப்பத்தைத் தருகின்றன. சலனத்தில் சூடான நீரோ காற்றோ தானே இடம் பெயர்ந்து வெப்பத்தையும் கூடவே கொண்டு போகிறது. கதிர்வீச்சுக்கு நடுவில் எந்தப் பொருளும் வேண்டாம். இவ்வளவும் தெரிந்த பிறகும் குழப்பம் வருகிறது என்றால், நெருப்பைச் சுற்றிக் காற்று எந்தத் திசையில் ஓடுகிறது என்று யாரும் பார்க்கச் சொல்லவில்லை என்பதுதான் காரணம்.

பார்த்துவிடலாம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னலைச் சாத்தி, ஒரு மெழுகுவத்தியை ஏற்றுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். சுடருக்குப் பக்கவாட்டில் நான்கு விரற்கடை தள்ளிக் கையை வைத்தால் மெல்லிய கதகதப்புதான் தெரியும். சுடருக்கு நேர் மேலே ஒரு சாண் உயரத்தில் வைத்தால், தூரம் அதிகமாக இருந்தும் சூடு தாங்காமல் கையை எடுத்துவிடுவீர்கள். ஒரே சுடரிலிருந்து இரண்டு இடத்துக்கும் வெப்பம் வருகிறது, ஆனால் வரும் வழி வேறு. சூடான காற்று விரிந்து லேசாகிறது. சுற்றியிருக்கும் குளிர்ந்த காற்று கனமாக இருப்பதால் கீழிருந்து நுழைந்து அதை மேலே தள்ளிவிடுகிறது. மேலே இருக்கும் கையைச் சுடுவது பெரும்பாலும் இந்தக் காற்றோட்டம்தான். அது சலனம்.

இப்போது சுடரின் அடிப்பகுதிக்குப் பக்கத்தில் ஓர் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை சுடரை நோக்கி வளைந்து போவதைக் காணலாம். அதாவது, பக்கவாட்டில் காற்று கையிலிருந்து நெருப்பை நோக்கி ஓடுகிறது. நெருப்பிலிருந்து கைக்கு வெப்பத்தைச் சுமந்து வரவேண்டிய காற்று எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தால் எப்படிச் சுமந்து வரும்? அசையாத காற்று வழியாகக் கடத்தலில் வரலாமே என்றால், காற்று மிக மோசமான கடத்தி. இந்தத் தூரத்தை அந்த வழியில் கடந்து வரும் வெப்பம் தோலுக்குத் தெரியாது. மிச்சமிருப்பது கதிர்வீச்சு.

இதற்கு இன்னும் எளிய சோதனை ஒன்று உண்டு. விறகு நெருப்புக்குப் பக்கத்தில் குளிர்காயும்போது, முகத்துக்கும் நெருப்புக்கும் நடுவே ஓர் அட்டையை நீட்டுங்கள். சூடு அந்த நொடியே நின்றுவிடும். அட்டையை எடுத்தால் அந்த நொடியே திரும்பி வரும். காற்று சுமந்து வரும் சூடு இப்படி நினைத்தவுடன் நிற்காது. அட்டையைச் சுற்றிக்கொண்டும் வரும். வெளிச்சத்தைப்போல நேர்கோட்டில் வருவதுதான் இப்படி மறையும். அது உண்மையில் ஒருவகை வெளிச்சமேதான், கண்ணுக்குத் தெரியாதது. 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியலாளர் முப்பட்டகத்தால் சூரிய ஒளியை நிறங்களாகப் பிரித்து, சிவப்புக்கு அப்பால் எந்த நிறமும் தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கேயும் வெப்பநிலை ஏறியது. அகச்சிவப்புக் கதிர் பிடிபட்டது அப்படித்தான்.

சோதனையைக் கேஸ் அடுப்பில் செய்து பார்த்தால் பக்கவாட்டுச் சூடு ஏமாற்றமாக இருக்கும். நீலச் சுடரில் கரித்துகள் அநேகமாக இல்லை. மஞ்சள் சுடரில் பழுக்கக் காய்ந்த கரித்துகள்களும், விறகடுப்பில் தணலும்தான் நிறையக் கதிர்வீசுகின்றன. குளிர்காய விறகு தேடுவதில் அறிவியல் நியாயம் இருக்கிறது.

நெருப்பில் கிடைத்த பாடத்தை அடுத்த வரிக்குக் கொண்டு போகலாம். ‘பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கிறது’ என்பதற்குச் சலனம் என்று விடை. ஆனால் அடுப்பிலிருந்து தண்ணீர் வரை மூன்றுமே வேலை செய்கின்றன. சுடரின் சூடான வாயு மேலெழுந்து பாத்திரத்தின் அடியில் மோதுகிறது. சிறிது கதிர்வீச்சும் சேர்கிறது. அலுமினிய அடித்தகடு வழியாக வெப்பம் கடத்தலில் உள்ளே போகிறது. அடியில் ஒட்டியிருக்கும் நீர் சூடாகி மேலெழுந்து, மேலே இருக்கும் குளிர்ந்த நீர் கீழிறங்கும்போதுதான் சலனம் தொடங்குகிறது. ஆகவே ‘தண்ணீருக்குள் வெப்பம் எப்படிப் பரவுகிறது’ என்று கேட்டால் மட்டுமே சலனம் என்பது முழுச் சரி.

தண்ணீரில் கடத்தலே போதாதா என்று சந்தேகம் வந்தால், ஆய்வகத்தில் ஒரு பழைய சோதனை இருக்கிறது. சோதனைக் குழாயில் ஒரு பனிக்கட்டித் துண்டைப் போட்டு, மிதக்காதபடி கம்பி வலையால் அடியில் அமுக்கி, தண்ணீர் ஊற்ற வேண்டும். குழாயைச் சாய்த்துப் பிடித்து, மேல்பகுதியை மட்டும் சுடரில் காட்ட வேண்டும். மேலே தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். சில அங்குலம் கீழே பனிக்கட்டி கரையாமல் கிடக்கும். சூடான நீர் ஏற்கெனவே மேலே இருப்பதால் அது கீழிறங்க வழியில்லை, சலனம் நடக்காது. அலுமினியம் வெப்பத்தைக் கடத்துவதில் 300-ல் ஒரு பங்குகூடத் தண்ணீர் கடத்துவதில்லை என்பதால் கடத்தலும் உதவாது.

ரசம் அடிப்பிடிப்பதில்லை, கேழ்வரகுக் களி அடிப்பிடிக்கிறது என்பதற்கும் இதுவே விளக்கம். கெட்டியான மாவில் சூடான பகுதி தானாக மேலெழ முடியாது. அடியில் வந்து சேரும் வெப்பம் அங்கேயே தேங்கிக் கருக்குகிறது. துடுப்பால் கிண்டுகிறவர், நடக்காமல் போன சலனத்தைக் கையால் நடத்துகிறார். பயிற்சித்தாளில் களி வந்து நான் பார்த்ததில்லை, வரவேண்டும்.

மீதமிருக்கும் வரிகளில் சிக்கல் பெரும்பாலும் வாக்கியத்தில்தான் இருக்கிறது. ‘வெயிலில் ஸ்கூட்டர் சீட் சூடாகிறது’ என்றால் கதிர்வீச்சு; சூரியனிலிருந்து 15 கோடி கிலோமீட்டர், அதில் பெரும்பாலும் வெற்றிடம், வேறு வழி கிடையாது. ‘அந்த சீட்டில் உட்கார்ந்தால் சுடுகிறது’ என்றால் கடத்தல். பகலில் கடற்காற்று வீசுவது சலனம், ஆனால் அதற்கு முன் நிலத்தைச் சூடாக்கியது சூரியக் கதிர். பொருளின் பெயரைப் பார்த்துக் கோடு போடும் பிள்ளை இங்கெல்லாம் தடுமாறும். வெப்பம் எதிலிருந்து புறப்பட்டு எதில் போய்ச் சேர்கிறது என்று வாக்கியத்திலேயே விரல் வைத்துப் பார்த்துவிட்டு, அந்த இரண்டுக்கும் நடுவில் தொட்டுக்கொண்டிருக்கும் பொருள் இருக்கிறதா, நகரும் நீரோ காற்றோ இருக்கிறதா, இரண்டும் இல்லையா என்று கேட்கிற பிள்ளை தப்பித்துவிடும்.

ஆனால் புறப்படும் இடமும் சேரும் இடமும் கேள்வியில் இருந்தால்தானே விரல் வைக்க முடியும்? பயிற்சித்தாள் தயாரிக்கும் ஆசிரியர்கள் ‘குளிர்காய்கிறோம்’ என்பதை ‘நெருப்புக்குப் பக்கவாட்டில் நீட்டிய கை சூடாகிறது’ என்று மாற்றி எழுதுங்கள். அடுத்த வரியில் ‘நெருப்புக்கு நேர் மேலே நீட்டிய கை சூடாகிறது’ என்றும் சேர்த்துவிடுங்கள்.